இது எத்தனை பெட்டி?



வணிகவியல் வகுப்பில் ‘பிராண்டு’ என்னும் சொல் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு நீல அட்டை நோட்டு நினைவுக்கு வரும். பட்டப் படிப்பு முடிந்து, முதுகலையில் சேருவதற்கு முன், ஒரு மசாலாப் பொடி நிறுவனத்தில் இளநிலை ஆய்வாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, எங்கள் சாம்பார்ப் பொடியின் பெயர் மக்களிடையே எந்நிலையில் இருக்கிறது என்று ஓர் அறிக்கை எழுதி நிர்வாக இயக்குநரிடம் தர வேண்டும். அதுவே என் பணி. அந்த நீல நோட்டு அவருடையது.

இளமையில் மிதிவண்டியின் பின்னால் இரண்டு மூட்டை வைத்துக் கடை கடையாய்ப் பொடி விற்றவர் அவர். இன்றைக்கு எத்தனை பெட்டி கிடங்கை விட்டுப் போயிற்று என்பதை மாலைதோறும் தம் கையாலேயே அந்த நோட்டில் எழுதுவார். அதில் இருப்பதை நம்புவார், இல்லாததை நம்பமாட்டார். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. என் அறிக்கை அவர் கண்ணுக்கு ஏட்டுச் சுரைக்காய்.

அவர் நினைத்தது பாதி சரி என்பதே என் கருத்து. மீதிப் பாதியை அவருக்கு உணர்த்தும் வழி, அவருடைய எண்ணை மறுப்பதன்று; அந்த எண்ணிலிருந்தே தொடங்குவது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு நான் எழுதிய அறிக்கை பதினெட்டுப் பக்கம். முதற் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு செய்தி. “சாம்பார்ப் பொடி என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் பெயர்கள் எவை?” என்று 400 வீடுகளில் கேட்டதில், எங்கள் பெயரைத் தாமாகவே சொன்னவர்கள் சென்ற காலாண்டில் நூற்றுக்கு 34 பேர்; இப்போது 38 பேர். பேருந்துகளின் பின்புறத்தில் நாங்கள் செய்த விளம்பரத்தின் வெற்றி இது என்று எழுதியிருந்தேன். நல்ல செய்தியை முன்னால் வை என்று என் மேலாளர் சொல்லியிருந்தார், நானும் வைத்தேன்.

இயக்குநர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சரிம்மா, நாலு பேர் கூடியிருக்காங்க. இது எத்தனை பெட்டி?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. அறிக்கை மூடப்பட்டது. ஐந்து நிமிடத்தில் நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை எனக்கு அவர்மேல் கோபம். படிக்காதவர், பழைய காலத்து மனிதர் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, இளங்கலையில் படித்த புள்ளியியல் குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். பானைக்குள் சோறு ஒரே சீராக வெந்திருப்பதால் அந்தப் பழமொழி நிற்கிறது. ஊர் அப்படி ஒரே சீராக வேகுவதில்லை. 400 வீடுகளில் கேட்டு 36 விழுக்காடு என்று ஒரு விடை கிடைத்தால், உண்மை அதற்கு மேலோ கீழோ ஏறத்தாழ 5 புள்ளி தள்ளி இருக்கலாம். இரண்டு காலாண்டுகளை ஒப்பிடும்போது இரண்டிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் பிழை இன்னும் பெருகி, 6 அல்லது 7 புள்ளியாகிவிடும். நாங்களோ ஒரு தெருவுக்கு இருபது வீடாக இருபது தெருக்களில் கேட்டிருந்தோம். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் வாங்குவார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்குவார்கள். அதனால் உண்மையான பிழை அந்தக் கணக்கைவிடவும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அப்படியிருக்க, 34 என்பது 38 ஆனதை ‘வெற்றி’ என்று நான் எழுதியது தவறு. மக்கள் மாறாமலே, கேட்கப்பட்ட வீடுகள் மாறியதாலேயே அந்த 4 வந்திருக்கக் கூடும். அடுத்த காலாண்டில் அது 35-க்கு இறங்கியபோது என் ஐயம் உறுதியாயிற்று.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அந்த அறிக்கைக்குள் இருந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை. “கடந்த மூன்று மாதத்தில் இந்தப் பொடியை வாங்கினீர்களா?” என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள், 2022-ஆம் ஆண்டின் முதற் காலாண்டிலிருந்து வரிசையாக நூற்றுக்கு 30, 29, 27, 25. அந்த அட்டவணையை எழுதியவளும் நான்தான். பார்க்கத் தவறியவளும் நான்தான். நல்ல செய்தியைத் தேடிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

அடுத்த அறிக்கை 2023 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு உரியது. இம்முறை ஒரு முடிவு செய்தேன். அவருடைய நீல நோட்டில் என்ன இருக்கிறதோ, அதுவே என் முதல் வரி.

நோட்டின்படி அந்தக் காலாண்டு மிகச் சிறந்த காலாண்டு. 12,000 பெட்டி வெளியே போயிருந்தது. முந்தைய ஆண்டு அதே மூன்று மாதத்தில் 10,000 தான். இருபது விழுக்காடு வளர்ச்சி! விற்பனைப் பிரிவில் இனிப்பு வழங்கினார்கள்.

இங்கேதான் நாம் பாடப் புத்தகத்தில் அவ்வளவாக நின்று பார்க்காத ஓர் இடம் வருகிறது. ‘விற்பனை’ என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். உண்மையில் அது மூன்று விற்பனை. கிடங்கிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது முதலாவது. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மளிகைக் கடைக்குப் போவது இரண்டாவது. கடையிலிருந்து வீட்டுக்குப் போவது மூன்றாவது. சாம்பார் கொதிப்பது மூன்றாவதற்குப் பிறகுதான். நீல நோட்டில் இருப்பதோ முதலாவது மட்டும்.

எங்களுக்குப் பதினான்கு ஸ்டாக்கிஸ்டுகள். மாதக் கடைசியில் கையிருப்பு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒரு தாள் அனுப்புவார்கள். அவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினேன். அவர்கள் வாங்கியது 12,000 பெட்டி. கடைகளுக்கு விற்றது 10,200. மீதி 1,800 பெட்டி அவர்கள் கிடங்கிலேயே தங்கியிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் 2,000 பெட்டியாக இருந்த கையிருப்பு, மார்ச் முடிவில் 3,800. முன்பு இரண்டரை வாரத்துச் சரக்கு. இப்போது ஏறத்தாழ ஐந்து வாரத்துச் சரக்கு.

ஏன் அவ்வளவு வாங்கினார்கள்? மார்ச் மாதத்தில் ஆண்டுக் குறியை எட்டுவதற்காக, பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று ஒரு ஸ்கீம் அறிவித்திருந்தார்கள். மார்ச்சில் மட்டும் 5,500 பெட்டி போயிற்று. அதில் 500 பெட்டி இலவசம். நோட்டுக்கு விலைப் பெட்டியும் இலவசப் பெட்டியும் ஒன்றுதான். ஸ்டாக்கிஸ்டோ ஏப்ரலில் வாங்க வேண்டியதை மார்ச்சிலேயே வாங்கி அடுக்கிவிட்டார். நாளைய விற்பனை இன்றைய கணக்கில் ஏறியிருந்தது.

கடைகளுக்குப் போன 10,200 பெட்டியும் முழுக்க வீடுகளுக்குப் போய்விடவில்லை. அதை அறிய ஒரு பழைய முறை உண்டு. அமெரிக்காவில் ஏ. சி. நீல்சன் என்பவரின் நிறுவனம் 1933-இல் மருந்துக் கடைகளில் தொடங்கிய முறை அது. கடையில் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு இடையில் வாங்கியதைக் கூட்டி, கடைசியில் இருப்பதைக் கழித்தால், விற்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடைக்காரரின் ஞாபகத்தையோ நல்லெண்ணத்தையோ நம்ப வேண்டியதில்லை. பொட்டலத்தை எண்ணினால் போதும்.

60 கடைகளில் எண்ணினோம். ஒரு கடையை மட்டும் சொல்கிறேன். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே 40 பொட்டலம். மூன்று மாதத்தில் வாங்கியது 120. மார்ச் முடிவில் மிஞ்சியது 70. ஆக விற்றது 90. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அக்கடையில் விற்றது 102. அறுபது கடைகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான். முந்தைய ஆண்டைவிடப் பன்னிரண்டு விழுக்காடு குறைவு. நோட்டில் இருபது ஏறியிருக்கிறது. கடையில் பன்னிரண்டு இறங்கியிருக்கிறது!

இதன் பிறகுதான் பதினான்காம் பக்கத்து அட்டவணைக்கு உயிர் வந்தது. வாங்கிய வீடுகள் இம்முறை நூற்றுக்கு 23. ஓராண்டில் 30-இலிருந்து 23. அந்த 7 புள்ளியும் தனியாகப் பார்த்தால் பிழையின் எல்லைக்கு அருகில்தான் நிற்கிறது; அதை மட்டும் காட்டி அவரை நம்பச் சொன்னால் நான் பழைய தவற்றையே மறுபடி செய்தவளாவேன். ஆனால் ஐந்து கணக்கெடுப்புகள் தொடர்ந்து ஒரே திசையில் இறங்கியிருந்தன. வீட்டுக் கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைக் கணக்கும் அதையே சொல்லிற்று. ஒரு சாட்சி தடுமாறலாம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யார் போய்விட்டார்கள் என்று பார்த்தேன். 400 வீடுகளில் முன்பு வாங்கியவை 120. அவற்றுள் 50 வீடுகள் மூன்று மாதத்தில் நான்கு பொட்டலம் வாங்குபவை. மற்ற 70 வீடுகள் ஒன்றோ இரண்டோ வாங்கியவை. இப்போது வாங்கியவை 92 வீடுகள். நான்கு பொட்டலம் வாங்கும் வீடுகள் அதே 50. குறைந்தது முழுவதும் எப்போதாவது வாங்கும் வீடுகளில்தான். 70 என்பது 42 ஆகிவிட்டது.

எப்போதாவது வாங்குகிறவர்கள்தானே, போனால் போகட்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆண்ட்ரூ எரன்பர்க் என்னும் ஆங்கில ஆய்வாளர் மக்கள் திரும்பத் திரும்ப வாங்கும் பழக்கத்தை ஆராய்ந்து 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் பெயரை எடுத்தாலும், அதை வாங்குவோரில் பெரும்பாலோர் எப்போதாவது வாங்குபவர்களே என்பதும், ஒரு பெயர் பெரிதாவதும் சிறிதாவதும் பெரும்பாலும் வாங்குவோர் எண்ணிக்கையால்தான் என்பதும் அவர் வழி வந்த ஆராய்ச்சிகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த செய்தி. நம்மீது உயிரையே வைத்திருக்கும் ஐம்பது வீடுகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தால், பெயர் ஓசையில்லாமல் சுருங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வீடுகள் ஏன் போயின? 2022 ஏப்ரலில் எங்கள் ஐந்து ரூபாய்ச் சிறு பொட்டலத்தை நிறுத்தியிருந்தார்கள். உறைச் செலவு போக அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது காரணம். அது பொய்யும் அன்று. அதற்கு முந்தைய காலாண்டில், எப்போதாவது வாங்கும் வீடுகளில் பாதிக்கு மேல் கடைசியாக வாங்கியது அந்தச் சிறு பொட்டலத்தைத்தான் என்று பழைய தாள்களில் இருந்தது. கடைகளில் எங்கள் பொட்டலம் சரஞ்சரமாகத் தொங்கிய ஆணியில் இப்போது வேறொருவருடைய சரம் தொங்கியது. சிறு பொட்டலம் நின்றதுதான் காரணம் என்று இவற்றால் மெய்ப்பிக்க முடியாது. காலம் பொருந்துகிறது, ஆள் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லலாம். அப்படித்தான் எழுதினேன்.

அறிக்கை இம்முறை ஒரே பக்கம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஸ்கீம் ஏதும் இல்லாவிட்டால், ஏப்ரல் முதல் ஜூன் வரை கிடங்கிலிருந்து போகும் சரக்கு 9,000 பெட்டியைத் தாண்டாது.’ முந்தைய ஆண்டு அதே காலாண்டில் போனது 10,100.

இந்த வரியை எழுதக் கை நடுங்கியது. நிறுவனமே இனிப்புத் தின்றுகொண்டிருக்கையில், வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத ஒரு பெண் இப்படி எழுதுவதா? “இதை எடுத்துவிடு, தவறிப் போனால் உன் வேலைக்கு ஆபத்து” என்றார் மேலாளர். அவர் கெட்டவர் அல்லர். என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் அறிக்கையில் என்ன இருக்கிறது? இயக்குநர் நம்புவது பெட்டிக் கணக்கை. ஆகவே பெட்டிக் கணக்கே நாளை என்னைச் சோதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இயக்குநர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மடித்து நீல நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஜூனில் விற்பனைப் பிரிவு இன்னொரு ஸ்கீம் கேட்டபோது மட்டும், “இந்த மூணு மாசம் வேண்டாம், பார்ப்போம்” என்று சொல்லிவிட்டாராம்.

ஜூன் முடிவில் நோட்டில் இருந்தது 8,600.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். “உட்காரும்மா” என்றார். அதற்கு முன் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. “அந்தச் சின்னப் பொட்டலத்துக் கணக்கை எடுத்துட்டு வா.”

இங்கே கதையை முடித்தால் நான் பெரிய அறிவாளியாகத் தோன்றுவேன். அப்படி முடிக்கக்கூடாது. அதே தாளில் வேறொன்றும் எழுதியிருந்தேன். மலையடிவார ஊர் ஒன்றில்தான் சரிவு மிகக் கடுமையாக இருக்கும் என்று. அங்கே சரிவே இல்லை. காரணம் எளிது. அந்த ஊரில் நாங்கள் எண்ணியவை மூன்று கடைகளும் இருபது வீடுகளுமே. 400 வீட்டுக்குப் பொருந்தும் நம்பிக்கையை 20 வீட்டின்மேல் ஏற்றிவிட்டேன். மொத்தத்துக்கு ஓரளவு சரியாக வரும் கணக்கை ஊர் ஊராய்ப் பிரிக்கப் பிரிக்க, அது வெறும் ஊகமாகிவிடும். அடுத்த அறிக்கையின் இரண்டாம் வரியில் அந்தப் பிழையை நானே எழுதினேன். இயக்குநர் அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். என் அறிக்கையை அவர் உண்மையில் நம்பத் தொடங்கியது 8,600-ஐப் பார்த்தபோது அன்று, அந்தக் கோட்டைப் போட்டபோதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிறு பொட்டலம் 2023 ஆகஸ்டில் திரும்ப வந்தது. 2024 மார்ச்சில் வாங்கிய வீடுகள் நூற்றுக்கு 27. போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. ஆணியில் இடம் பிடித்தவர் எளிதில் இறங்குவாரா?

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிராண்டு என்பதை மக்கள் மனத்தில் இருக்கும் அன்பு, மதிப்பு, பிம்பம் என்று நாம் தேர்வுத் தாளில் எழுதுகிறோம். அதை எழுதிப் பழகிய கை, வேலைக்குப் போனதும் அதையே பதினெட்டுப் பக்கம் எழுதுகிறது. ‘இது எத்தனை பெட்டி?’ என்று கேட்கும் முதலாளியைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. விற்பனை எண்ணோடு எங்கும் போய் முட்டாத அளவைக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை பணம் செலவிடுவானேன்?

அதே சமயம், தாம் நம்பும் எண் எதை எண்ணுகிறது என்று அவரும் கேட்டிருக்க வேண்டும். கிடங்குக் கதவைத் தாண்டியதை எண்ணிக்கொண்டு, அடுப்படி வரை போயிற்று என்று நம்பினார். விற்பனை எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது நடந்து முடிந்ததை, அதுவும் முதற் படியில் நடந்ததை மட்டுமே சொல்லும். மூன்றாம் படியில் நடப்பது முதற் படிக்கு வந்து சேர ஒரு காலாண்டோ இரண்டோ ஆகும். அந்த இடைவெளியில் என்ன வருகிறது என்று முன்கூட்டிச் சொல்வதே பிராண்டு அறிக்கையின் வேலை. எவ்வளவு தவறலாம் என்றும் அது சொல்ல வேண்டும். தவறினால் தவறினேன் என்றும் எழுத வேண்டும்.

நம் துறை ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் நாம் எழுதும் திட்டக் கட்டுரைக்கு, கல்லூரி வாயிலுக்கு எதிரே உள்ள பத்துக் கடைகளைத் தாருங்கள். ஒரு மாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அங்கே ஒரே ஒரு பொருளின் பொட்டலங்களை மாணவர்கள் எண்ணி வரட்டும். கடைக்காரர் வாயால் சொல்லும் விற்பனையையும் எண்ணிக் கண்ட விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு முறை தம் கண்ணால் பார்த்துவிட்டால், எத்தனை பெட்டி என்று யாராவது கேட்கும்போது என்னைப் போல் அவர்கள் விழித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.